ஒரே புராஜெக்ட்டுக்கு ரெண்டு கிக்ஆஃப்: முதல் பேச்சு ஏன் நிக்கல, ரெண்டாவதுல என்ன மாத்தினேன்

புராஜெக்ட் இதுதான். ஒரு குடோன், அதோட ஸ்டாக்கும் பில்லிங்கும் பல வருஷமா ஒரு பழைய சாஃப்ட்வேர்ல ஓடிட்டிருந்துச்சு, அதை மொத்தமா புதுசுக்கு மாத்தணும். 14 வாரம் டைம். என்னைத் தவிர டீம்ல 11 பேர்: குடோன் சூப்பர்வைசரும் அவரோட ஆளுங்க ரெண்டு பேரும், அக்கவுண்ட்ஸ்ல ரெண்டு பேர், ஐடியில மூணு பேர், பர்ச்சேஸ்ல ஒருத்தர், சாஃப்ட்வேர் குடுக்கிற கம்பெனியில இருந்து ரெண்டு பேர். புராஜெக்ட் லீட் நான். செலவுக்குக் கையெழுத்து போடுறவர் ஃபைனான்ஸ் ஹெட், அவர்தான் ஸ்பான்சர்.

முதல் வாரம் திங்கக்கிழமை, எல்லாரையும் கூப்பிட்டு வேலையைத் தொடங்கி வைக்கிற கிக்ஆஃப் மீட்டிங் வெச்சேன். 50 நிமிஷம், 34 ஸ்லைடு. எல்லாரையும் வரவேற்று, கம்பெனி எப்படி வளர்ந்திருக்கு, புது சாஃப்ட்வேர்ல என்னென்ன வசதி இருக்கு, டைம்லைன் என்ன, யார் யார் எந்த டிபார்ட்மெண்ட்னு எல்லாம் சொல்லி, கடைசியா "ஏதாவது டவுட் இருக்கா?"ன்னு கேட்டேன். யாரும் வாயைத் திறக்கல. எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு வெளிய வந்தேன். ஸ்லைடு எல்லாம் சுத்தமா இருந்துச்சு, பேச்சும் தடங்கல் இல்லாம போச்சு, அதனால அன்னைக்கு யார் கேட்டிருந்தாலும் நல்ல கிக்ஆஃப்னுதான் சொல்லியிருப்பேன்.

நாலாவது வாரம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. பழைய டேட்டாவை எடுத்து புதுசுல சோதனைக்கு ஏத்திப் பார்த்தோம், மொத்தம் 6,200 ஐட்டம் கோடு. ஏத்தி முடிச்சதும் குடோன் சூப்பர்வைசரை ஸ்கிரீன் முன்னாடி உக்கார வெச்சு, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பொருளைத் தேடுங்கன்னு சொன்னேன். அவர் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டைத் தேடினார், கோடு, பேர், ஸ்டாக்னு ரெண்டு வரி வந்துச்சு:

```
BLT-0850   BOLT M8 50MM    1140
BLT-8X50   BOLT 8 X 50      360
```

ரெண்டும் ஒரே போல்ட். ஒரே ரேக்ல, ஒரே பெட்டியில இருக்குது. எப்பவோ யாரோ பழைய கோடைத் தேடிக் கிடைக்காம புதுசா ஒண்ணு போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் பர்ச்சேஸ் ஒரு கோடுல வாங்க, பில்லிங் இன்னொரு கோடுல விக்க, அப்படியே ஓடிடுச்சு. தேடிப் பார்த்தா கிட்டத்தட்ட 400 பொருளுக்கு இந்த மாதிரி ரெட்டைக் கோடு இருந்துச்சு. இதைச் சரி பண்ணாம மாத்தினா ஒரு கோடுல ஸ்டாக் இல்லைன்னு காட்டும், ரேக்ல சரக்கு இருக்கும்.

சரி, டேட்டா சுத்தம் பண்ற வேலை எந்த அளவுல இருக்குன்னு கேட்டேன். ஐடி ஆளு, "எது எதோட ஒண்ணுன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும், குடோன்ல இருந்து லிஸ்ட் வரும்னு காத்திருக்கோம்"னார். சூப்பர்வைசர், "டேட்டான்னாலே ஐடி வேலைதானே சார், எங்ககிட்ட யாரும் கேக்கலையே"ன்னார். ரெண்டு பேர் சொன்னதும் நியாயம். என்னோட பொறுப்பு அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஆர்ஏசிஐன்னு சொல்வாங்களே, எந்த வேலையை யார் செய்யிறாங்க, யார் பதில் சொல்லணும், யாரைக் கேக்கணும், யாருக்குத் தகவல் போகணும்னு போடுற அட்டவணை, அதுல டேட்டா சுத்தம்ங்கிற வரியில பதில் சொல்ற இடத்துல ஐடி, குடோன்னு ரெண்டு பேரையும் நான்தான் போட்டிருந்தேன். அந்த அட்டவணையோட அடிப்படை விதியே ஒரு வரிக்குப் பதில் சொல்ல ஒருத்தர்தான்ங்கிறது. ரெண்டு பேர் இருந்தா ஒவ்வொருத்தரும் மத்தவரைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க, நாலு வாரம் அப்படியே போயிருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் 11 பேருக்கும் ஒரு சின்ன தாள் குடுத்து, பேர் போடாம ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன்: எது நடந்தா இந்த புராஜெக்ட் முடிஞ்சதுன்னு சொல்லுவீங்க? ஏழு விதமான பதில் வந்துச்சு. ஒருத்தர் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆனதும்னு எழுதியிருந்தார், ஒருத்தர் டிரெயினிங் முடிஞ்சதும்னு, அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் முதல் மாசக் கணக்கு முடிச்சதும்னு, இன்னொருத்தர் மொபைல் ஆப் வந்ததும்னு. மொபைல் ஆப் எங்க திட்டத்துலயே கிடையாது, வசதிகளைக் காட்டுற என்னோட ஒரு ஸ்லைடுல அது படமா வந்திருந்துச்சு, அவ்வளவுதான். என் பேச்சு என்ன வேலை செஞ்சிருக்குன்னு அந்தத் தாளைப் பார்த்துதான் எனக்கே தெரிஞ்சுது. டவுட் இருக்கான்னு கேட்டா தெரியாது, ஏன்னா ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு முழு படம் இருக்கு, அது மத்தவங்க படத்தோட ஒத்துப்போகலைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அஞ்சாவது வாரம் திங்கக்கிழமை ரெண்டாவது கிக்ஆஃப் வெச்சேன். 40 நிமிஷம், ஸ்லைடு கிடையாது, போர்டும் ஆளுக்கு ஒரு தாளும் மட்டும். மீட்டிங்குக்கு முன்னாடியே ரெண்டு வேலை முடிச்சிருந்தேன். ஒண்ணு, டேட்டா சுத்தத்துக்குப் பதில் சொல்ற பொறுப்பை சூப்பர்வைசர்கிட்ட தனியாப் பேசி அவரை ஒத்துக்க வெச்சிருந்தேன், எல்லார் முன்னாடியும் திடீர்னு ஒருத்தர் தலையில வேலையை வெச்சா அவர் அங்க தலையாட்டிட்டு வெளிய வந்து மனசுக்குள்ள வெச்சுப்பார். இன்னொண்ணு, ஸ்பான்சர்கிட்ட மூணு நிமிஷம் பேசக் கேட்டிருந்தேன், ஆனா வாழ்த்து வேண்டாம் சார், இந்த வேலைக்காக நீங்க எதை விட்டுக்குடுக்கத் தயார்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். அவர் வந்து சொன்னது: "மாத்துற வாரத்துல டிஸ்பாட்ச் பாதியாக் குறைஞ்சாலும் நான் ஏத்துக்கிறேன். சேல்ஸ்ல இருந்து யாராவது கத்தினா என்கிட்ட அனுப்புங்க." சூப்பர்வைசர் நிமிர்ந்து உக்காந்ததை நான் பார்த்தேன். அதுவரைக்கும் அவருக்கு இருந்த பெரிய பயமே, ஸ்டாக் எண்ணுறதுக்காக லோடிங்கை நிறுத்தினா திட்டு தனக்கு விழும்ங்கிறதுதான்.

என் பேச்சை இப்படித்தான் ஆரம்பிச்சேன், எழுதி வெச்சிருந்ததை அப்படியே போடுறேன்:

"எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி. நாலு வாரம் முன்னாடி இதே ரூம்ல நான் 50 நிமிஷம் பேசினேன். எது முடிஞ்சா வேலை முடிஞ்சதுன்னு நான் தெளிவாச் சொல்லல, டேட்டாவுக்கு யார் பொறுப்புன்னும் தப்பா எழுதியிருந்தேன். அதனால நாலு வாரம் போச்சு, அது உங்க யார் மேலயும் இல்ல, அட்டவணை போட்டது நான். இன்னும் 10 வாரம் இருக்கு. இன்னைக்கு மூணே விஷயம் பேசுறோம்: எங்க போய் நிக்கணும், யார் எதை முடிவு பண்ணலாம், வேலை இழுத்துக்கிட்டா என்ன செய்யணும்."

அடுத்தது அறிமுகம். இதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ணல. ஆளுக்கு அரை நிமிஷம், பேரும், இந்த வேலையில தன்னோட பங்கும் மட்டும், டிபார்ட்மெண்ட் பேர் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்காக உலக சுகாதார நிறுவனம் 2008ல வெளியிட்ட செக்லிஸ்ட்ல, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி டீம்ல இருக்கிற எல்லாரும் பேரையும் பங்கையும் சொல்லி அறிமுகம் ஆயிட்டாங்களான்னு உறுதி பண்ணுற வரி ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துலயே ஒரு தடவை வாயைத் திறந்து பேசின ஆளுக்கு, பின்னாடி ஏதோ தப்பாப் படும்போது சொல்ற தைரியம் கொஞ்சம் சுலபமா வரும். முதல் கிக்ஆஃப்ல அறிமுகம் முழுக்க நான்தான் பண்ணினேன், குடோன் பசங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே எழுந்து போனாங்க.

அப்புறம் இலக்கு. இதைத்தான் நான் அதிகமா யோசிச்சு எழுதினேன். முதல் தடவை "புது சாஃப்ட்வேரை வெற்றிகரமா நடைமுறைக்குக் கொண்டுவர்றது"ன்னு இருந்துச்சு. இந்த வாக்கியத்தை யாராலயும் சரிபார்க்க முடியாது, வெற்றிகரமான்னா என்னன்னு ஆளாளுக்கு ஒண்ணு வெச்சுக்கலாம். ரெண்டாவது தடவை போர்டுல எழுதினது இது:

"14வது வாரம் முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை காலை 8 மணிக்கு முதல் டிஸ்பாட்ச் பில் புது சாஃப்ட்வேர்ல இருந்து வரும். அந்த வாரத்துல புதன்கிழமை வரைக்கும் பழைய சாஃப்ட்வேரை யாரும் திறக்கத் தேவை இருக்காது. புதன்கிழமை சும்மா 100 ஐட்டத்தை எடுத்து ரேக்ல எண்ணிப் பார்ப்போம், ஸ்கிரீன்ல இருக்கிற எண்ணோட ஒத்துப்போகாதது ஒண்ணுக்கு மேல இருக்கக்கூடாது. இந்த மூணும் நடந்தா முடிஞ்சது. இதுல ஒண்ணு நடக்கலைன்னாலும் முடியல."

நாளும் நேரமும், யார் வேணா போய்ப் பார்க்கக்கூடிய காட்சியும், எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு அளவும் இருக்கிறதால இதுல வாதம் பண்ண இடமில்ல. உடனே இன்னொரு பக்கம் கோடு போட்டு, இதுல சேராததுன்னு எழுதினேன்: மொபைல் ஆப், சப்ளையர் லாகின், புது ரிப்போர்ட் எதுவும். "இதெல்லாம் நல்ல விஷயம்தான், ஆனா இந்த 10 வாரத்துல யார் கேட்டாலும் பதில் இல்லைங்கிறதுதான். கேக்கிறவங்ககிட்ட என் பேரைச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்." சாஃப்ட்வேர் கம்பெனி ஆளுங்க இந்த வரியைத்தான் முதல்ல தாள்ல எழுதிக்கிட்டாங்க. அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் மட்டும் கை தூக்கி, பாக்கி வசூல் ரிப்போர்ட் இல்லாம எப்படி சார்னு கேட்டார். பழசுல ஏற்கனவே இருக்கிற ரிப்போர்ட் புதுசுலயும் வரும், இல்லாத ஒண்ணைப் புதுசா செய்யமாட்டோம்னு பிரிச்சுச் சொன்னேன். சேராதது எதுன்னு எழுதினதாலதான் அந்தக் கேள்வியே வந்துச்சு.

பொறுப்பைப் பேசும்போது பதவிப் பேரை விட்டுட்டு, ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு வாக்கியம்: உங்களைக் கேக்காம நடக்கக்கூடாதது எது, யாரையும் கேக்காம நீங்களே முடிவு பண்ணக்கூடியது எது. ரெண்டாவதுதான் முக்கியம்னு எனக்குப் படுது, ஏன்னா சின்ன விஷயத்துக்கெல்லாம் என்கிட்ட ஓடி வந்து காத்திருக்கிறதுலதான் பாதி நாள் போகும். சூப்பர்வைசருக்கு நான் சொன்னது:

"அண்ணே, ரெட்டைக் கோடு 400ல எதை வெச்சுக்கிறது, எதை மூடுறதுங்கிறது உங்க முடிவு. ஐடியோ பர்ச்சேஸோ நானோ அதை மாத்த முடியாது. ஏழாவது வாரக் கடைசிக்குள்ள லிஸ்ட் வேணும், அது வரலைன்னா நான் கேக்கிறது உங்களைத்தான். ஐடி உங்களுக்கு ஒரே மாதிரி பேர் இருக்கிறதையெல்லாம் பக்கத்துப் பக்கத்துல வெச்சு ஷீட் குடுப்பாங்க, நீங்க டிக் அடிச்சாப் போதும்."

ஐடி ஆளுக்கு: "ஷீட்டை இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கிறது உங்க பொறுப்பு. எந்த வரிசையில டேட்டாவை ஏத்துறதுங்கிறது உங்க முடிவு, என்கிட்ட கேக்க வேண்டாம். ஆனா ஒரு கோடையும் நீங்களா அழிக்காதீங்க." இப்படி 11 பேருக்கும் சொல்ல 10 நிமிஷம் ஆச்சு. ஒவ்வொருத்தருக்கும் சொன்னதும் நிறுத்தி, "நான் சொன்னதை நீங்க உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேட்டேன். பரீட்சை மாதிரி இருக்குமோன்னு முதல்ல தயக்கமா இருந்துச்சு, ஆனா பர்ச்சேஸ் ஆளு திருப்பிச் சொல்லும்போதுதான் புதுக் கோடு போடுறதை அவர் நிறுத்தவே இல்லைன்னு தெரிஞ்சுது, ஒரு பக்கம் நாங்க சுத்தம் பண்ணப் போறோம், மறுபக்கம் தினமும் புதுக் கோடு சேர்ந்துக்கிட்டு இருக்கு. அங்கயே நிறுத்தினோம், அவசரத்துக்குப் புதுக் கோடு வேணும்னா சூப்பர்வைசர் சரின்னு சொன்னாத்தான்.

விதிமுறை. முதல் தடவை பன்னெண்டு விதி எழுதியிருந்தேன், சரியான நேரத்துக்கு வாங்க, மொபைலை சைலண்ட்ல போடுங்க வரைக்கும். எனக்கே நாலு கூட நியாபகம் இல்ல. இந்தத் தடவை நான் கொண்டு போனது ரெண்டே ரெண்டு.

"முதல் விதி: ஒரு வேலை தள்ளிப்போகும்னு உங்களுக்குத் தோணின 24 மணி நேரத்துக்குள்ள என்கிட்ட சொல்லணும். உறுதியாத் தெரியணும்னு காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் சொன்னவரை ஏன் தள்ளிப்போச்சுன்னு நான் குடையமாட்டேன், என்ன உதவி வேணும்னுதான் கேப்பேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்தாத்தான் நாம தனியா உக்காந்து பேச வேண்டி வரும். ரெண்டாவது விதி: நடைபாதையிலயோ போன்லயோ எடுத்த முடிவை அன்னைக்கே முடிவு ஷீட்ல ஒரு வரி எழுதணும். எழுதாதது முடிவு இல்ல."

விதியைச் சொல்லிட்டு விட்டா அது போஸ்டர்தான், அதனால முதல் கெட்ட செய்தியை நானே சொன்னேன்: டிரெயினிங் குடுக்க வேண்டியவர் ஒரு வாரம் தள்ளி வர்றார், நேத்து சாயங்காலம் தெரிஞ்சுது, இதனால குடோன் டிரெயினிங் 11வது வாரத்துல இருந்து 12க்குப் போகுது. யாரும் பதறல. இதை விட்டிருந்தா, கெட்டதைச் சொன்னா என்ன நடக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, யாராவது ஒருத்தர் முதல்ல சொல்லி அவருக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கக் காத்திருப்பாங்க.

மீதி விதிகளை அவங்களையே கேட்டேன். சூப்பர்வைசர் ஒண்ணு சொன்னார், "டெஸ்டிங்குக்கு எங்க பசங்களைக் கூப்பிடணும்னா லோடிங் நேரத்துல கூப்பிடாதீங்க, 2ல இருந்து 4 மணிக்குள்ள கூப்பிடுங்க." அக்கவுண்ட்ஸ்ல இருந்து இன்னொண்ணு, மாசக் கடைசி மூணு நாள் அவங்களுக்கு எந்த மீட்டிங்கும் வேண்டாம். இந்த ரெண்டு விதியும் கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட மீறப்படல. நானா யோசிச்சிருந்தா இந்த ரெண்டும் எனக்குத் தோணியே இருக்காது.

கடைசி எட்டு நிமிஷம் ப்ரீமார்ட்டம். கேரி கிளைன்ங்கிற மனவியல் அறிஞர் 2007ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல இதைப் பத்தி எழுதியிருக்கார். வேலை தொடங்கும்போதே அது தோத்துப்போயிடுச்சுன்னு வெச்சுக்கிட்டு, ஏன் தோத்துச்சுன்னு ஒவ்வொருத்தரும் தனியா எழுதுறது. ரிஸ்க் ஏதாவது இருக்கான்னு கேட்டா மேல இருக்கிறவங்களைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பேசமாட்டாங்க, தோத்தாச்சுன்னு நாமளே சொல்லிட்டா காரணம் எழுதுறதுல தயக்கம் இல்ல. நான் சொன்னது: "அந்தத் திங்கக்கிழமை காலை 8 மணி, பில் வரல. ஏன்? மூணு நிமிஷம், பேசாம எழுதுங்க." குடோன் பையன் ஒருத்தன் எழுதினது இது: ரேக்ல பழைய பார்கோடு ஸ்டிக்கர்தான் இருக்கும், ஸ்கேனர் மூடின கோடைத்தான் படிக்கும். ரெட்டைக் கோட்டை சாஃப்ட்வேர்ல சேர்த்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நாங்க எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம், ரேக்ல ஸ்டிக்கர் மாத்துற வேலை எந்தத் திட்டத்துலயும் இல்ல. மாத்துற சனி, ஞாயிறுல ஸ்டாக் எண்ணும்போதே ஸ்டிக்கரும் ஒட்டுறதுன்னு அங்கயே முடிவாகி, முடிவு ஷீட்ல முதல் வரியா ஏறுச்சு.

முடிக்கிறதுக்கு முன்னாடி அதே தாள், இந்தத் தடவை மூணு கேள்வி: எப்ப முடிஞ்சதுன்னு சொல்லலாம், நீங்களே முடிவு பண்ணக்கூடியது எது, வேலை இழுத்துக்கிட்டா யார்கிட்ட எப்ப சொல்லணும். இந்தத் தடவை பேரும் போடச் சொன்னேன். முதல் கேள்விக்கு ஒன்பது பேர் ஒரே பதில் எழுதியிருந்தாங்க. மாறின ரெண்டு பேர்கிட்டயும் அன்னைக்கே அவங்க இடத்துக்குப் போய்ப் பேசினேன், ஆளுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

ரெட்டைக் கோடு லிஸ்ட் ஏழாவது வாரம் வியாழக்கிழமை வந்துச்சு, ஒரு நாள் முன்னாடியே. 24 மணி நேர விதியில அதுக்கப்புறம் எனக்கு ஆறு தகவல் வந்துச்சு, அதுல ரெண்டு பொய் அலாரம், அதுக்கும் நன்றிதான் சொன்னேன். திங்கக்கிழமை முதல் பில் 8:20க்கு வந்துச்சு, பிரிண்டர் செட்டிங் ஒண்ணு. புதன்கிழமை 100 ஐட்டம் எண்ணினோம், ஒண்ணுதான் ஒத்துப்போகல.

பில் 20 நிமிஷம் லேட்டானதைத் தவிர, நடக்காதது இன்னொண்ணும் இருக்கு, பழைய சாஃப்ட்வேரைத் திறக்கக்கூடாதுங்கிறது. செவ்வாய்க்கிழமை அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தங்க அதைத் திறந்து ரெண்டு ரசீது போட்டிருந்தாங்க. அவங்க ஒன்பதாவது வாரம் டீமுக்குள்ள வந்தவங்க, முன்னாடி இருந்தவர் வேற வேலைக்கு மாறிப் போனதால. ரெண்டு கிக்ஆஃப்லயும் அவங்க கிடையாது, நான் முடிவு ஷீட்டை மட்டும் அனுப்பி வெச்சு, படிச்சுக்கோங்கன்னு விட்டிருந்தேன். அந்த ரெண்டு ரசீதையும் மறுபடி புதுசுல போட அரை நாள் ஆச்சு, போர்டுல நாங்க எழுதினபடி பார்த்தா புராஜெக்ட் அந்தப் புதன்கிழமை முடியல, ஸ்பான்சர்கிட்ட அப்படியேதான் சொன்னேன், அடுத்த புதன்கிழமை மறுபடி எண்ணி முடிச்சோம். இப்ப நடுவுல யார் சேர்ந்தாலும் அவங்க முதல் நாள்ல அரை மணி நேரம் ஒதுக்கி, அதே பேச்சை அவங்க ஒருத்தருக்காக நேர்ல பேசுறேன், கடைசியில அந்த மூணு கேள்வித் தாளும் குடுக்கிறேன்.